பிறிஜெற்றின் எட்டிலொரு பக்கம்

பிறிஜெற் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தால் ஆண்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்பார்கள் என்று கொட்டாஞ்சேனையில் ஒரு கதை உண்டு. நேரே நின்றால் தோள் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து வைத்துவிடுவாளாம். முகத்துவாரத்தில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார் அவளைக் கண்டு பயந்து மீன்பெட்டிக்குள் குந்தியிருந்தார் என்றும், அவள் அந்தப் பெட்டியையும் ஒருமுறை பார்த்து "உங்களுக்கு நீளம் காணாது ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள் என்றும் சொல்வார்கள். அந்தச் சம்மாட்டியார் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள். ஆகவே அதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் அவள் சிரித்துக்கொண்டு வேலை செய்த ஒரு மலர்ச்சாலைக்காரி, செத்தவர்களை உடுத்திப் பெட்டியில் வைத்து அனுப்புகிறவள் என்பதை மட்டும் நம்பலாம்.

கொட்டாஞ்சேனையில், சந்தியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையொன்றில் இருந்தது அருளப்பு மலர்ச்சாலை. முன்னுக்கு ஒரு சின்ன மண்டபம், பின்னுக்கு சவப்பெட்டிகள். உடலைப் பதப்படுத்த வெளியிலிருந்து ஆள் வருவார். வாகனம் வாடகைக்கு வரும். மற்றதெல்லாம் அருளப்புவும் மனைவி பிறிஜெற்றும். அவர் பெட்டி பார்ப்பார், அவள் உள்ளே சாட்டின் துணி தைத்து அடிப்பாள், உடுத்துவாள், தலை வாருவாள். செத்தவர்களுக்கு உடுத்துவது உயிரோடு இருப்பவர்களுக்கு உடுத்துவதைவிட லேசு, இறுக்கம் என்று குறை சொல்ல மாட்டார்கள் என்பாள்.

அருளப்பு ஒருநாள் காலை தேத்தண்ணீர் கோப்பையோடு கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார். அவருக்கும் அவள்தான் உடுத்தினாள். அதன்பிறகு தொழில் நலிந்தது. முதலாளி போய்விட்டார், கடை பூட்டியிருக்கும் என்று சனம் நினைத்துக்கொண்டது. பூட்டவில்லை என்று தெரிந்தவர்களும், பெண்பிள்ளை ஒருத்தியிடம் எப்படிப் பிணத்தைக் கொடுப்பது என்று யோசித்தார்கள். இதற்கிடையில் பிரதான வீதியில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக ஒரு பெரிய மலர்ச்சாலை வந்துவிட்டது. அவர்களுடைய ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். உள்ளே மூச்சு நிற்க முதலே வெளியே விலை பேசி முடித்துவிடுவார்கள் என்று சனம் கதைத்தது.

கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வந்து சொன்னார், வருசம் முடிய இடத்தை போன் திருத்துகிற கடைக்குக் கொடுக்கப் போகிறேன், தொழில் நடக்கிறதென்று காட்டினால் யோசிப்பேன் என்று. பிறிஜெற்றுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அருளப்பு மலர்ச்சாலை இன்னும் திறந்திருக்கிறது, நடத்துவது பிறிஜெற் என்பது சனத்துக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. கொட்டாஞ்சேனைக் குடும்ப மன்றம் வருசா வருசம் தன் ஆண்டு விழாவுக்கு மலர் என்று ஒரு புத்தகம் அடிக்கும். மன்றத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் எப்போதோ வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டாலும் பெயரில் கொட்டாஞ்சேனை அப்படியே இருக்கிறது. மலரில் வாழ்த்துச் செய்திகள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், கவிதை, செயலாளர் அறிக்கை, விளம்பரங்கள். கடைசியில் அங்கத்தவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அந்தக் கடைசிப் பக்கங்களுக்காகத்தான் மலரை ஒருவரும் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பு எழுத எடுப்பார்கள். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் சொந்தபந்தத்துக்குச் சொல்ல முதலில் எடுப்பதும் அதைத்தான். அந்த நேரத்தில், அந்தப் புத்தகத்தில், தன் இலக்கம் கண்ணில் படவேண்டும் என்று பிறிஜெற் நினைத்தது அவ்வளவு பிழையில்லை.

அருளப்பு இருந்த காலத்திலும் விளம்பரம் கொடுத்திருக்கிறார். பக்கத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற கட்டம், ஒரு விசிட்டிங் காட் அளவு. அதுதான் மலிவு. ஆனால் ஒரு தடவையும் கடைப் பெயர் வந்ததில்லை. ஒரு குத்துவிளக்குப் படம், "நல்வாழ்த்துகள்", கீழே "ஒரு நலன்விரும்பி". மங்களமான புத்தகத்தில் மலர்ச்சாலைப் பெயர் எப்படி வரும் என்று மன்றத்தார் கேட்டார்கள். அருளப்பு சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவருக்கு அப்போது வேலை இருந்தது.

பிறிஜெற் விடவில்லை. மலர்க்குழுக் கூட்டத்துக்கு நேரே போனாள். வெள்ளவத்தையில், மலராசிரியர் கனகசபாபதியின் வீட்டு விறாந்தையில் கூட்டம். கனகசபாபதி ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இல்லை என்று சொல்ல வேண்டிய இடங்களில் பேசாமல் இருந்துவிடுவார். மன்றத் தலைவர் பொன்னம்பலம் அதற்கு நேர்மாறு.

"அம்மா, ஒரு பக்கத்தில பிள்ளையள் ஒன்பது ஏ எடுத்திருக்குதுகள். மற்றப் பக்கத்தில நீங்கள் வாழ்த்துறியள். ஆர் வாசிப்பினம்?" என்றார் பொன்னம்பலம்.

"நான் வாழ்த்தினா யாரும் சாகமாட்டாங்க சேர்," என்றாள் பிறிஜெற். "வாழ்த்தாட்டியும் சாவாங்க."

ஒருவர் இருமினார். பொன்னம்பலத்துக்குச் சிரிப்பு வந்ததை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறைத்தார்.

"போன தலைவர் காலத்திலயிருந்து நலன்விரும்பி எண்டுதானே போடுறது. அதில என்ன குறை?"

"நலன்விரும்பிக்கு போன் நம்பர் இல்ல சேர். ஆள் செத்தா நலன்விரும்பிய எங்க தேடுவாங்க?"

கடைசியில் பொன்னம்பலம் இறங்கி வந்தார். பெயர் போடலாம், விலாசம் போடலாம், இலக்கம் போடலாம். பெட்டி, இறுதிக்கிரியை, இருபத்துநான்கு மணிநேரம் என்ற ஒரு சொல்லும் வரக்கூடாது. சிலுவையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். மேலே "மன்றத்தின் பணி சிறக்க வாழ்த்துகிறோம்" என்று இருந்தால் போதும்.

"காணும் சேர்," என்றாள். "மற்றது செத்தவங்களுக்கே தெரியும்."

பிறகு அச்சகத்தில் வேறு சண்டை. அச்சகம் ஜிந்துப்பிட்டிப் பக்கம். பக்கம் அமைப்பவர் நிஸாம். எட்டுச் சின்ன விளம்பரங்களும் ஒரு பக்கத்தில், இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்கு. பிறிஜெற்றின் கட்டத்துக்குப் பக்கத்தில் யாரைப் போடுவது? மணப்பெண் அலங்காரம் செய்பவர் போனில் அழாத குறையாகச் சொல்லிவிட்டார், என்னைப் பக்கத்தில் போட்டால் காசைத் திருப்பித் தாருங்கள் என்று. பாமசிக்காரர், மருந்துக்கும் மலர்ச்சாலைக்கும் நடுவில் குறைந்தது ஒரு கடையாவது இருக்கட்டும் என்றார். கண் டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய மனைவி சொன்னார். முடிவில் இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர்தான் பெரிய மனசு வைத்தார்.

"எனக்குப் பக்கத்தில போடுங்க," என்றாராம். "அவங்களுக்கு ஆணி நான்தானே குடுக்கிறது."

அச்சடிக்க முதல் பிழை பார்க்கும் புரூவைப் பார்க்க பிறிஜெற் போனபோது நிஸாம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க அக்கா. வலப்பக்கம் கீழ் மூலை. சரியா ஈக்கா?"

அருளப்பு மலர்ச்சாலை. உரிமையாளர்: திருமதி பிறிஜெற் அருளப்பு. விலாசம். இலக்கம். அவள் குனிந்து பார்த்தாள். எழுத்து பொடி எழுத்துத்தான்.

"என்ட பேர கொஞ்சம் பெருசாக்க ஏலாதா தம்பி?"

"பேரப் பெருசாக்கினா நம்பர் சின்னதாகும். நம்பரப் பெருசாக்கினா வாழ்த்து வெளியால போயிரும். எட்டில ஒண்டு அக்கா. இதுக்குள்ள இவ்வளவுதான் குடியிருக்க ஏலும்."

"நான் வைக்கிற ஆக்களும் அப்பிடித்தான்," என்றாள். "ஒருத்தரும் இடம் காணாதுன்னு சொன்னதில்ல. சரி, விடுங்க."

அவள் புரூவில் கையெழுத்து வைத்தாள். நிஸாம் ஒரு பிரதி எடுத்து கனகசபாபதிக்குக் கொடுத்தனுப்பினார். கனகசபாபதி அதை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் பொன்னம்பலம் இறந்துபோனார்.

வெள்ளவத்தையில், தொடர்மாடியின் மேல்தளத்தில், காலையில் குளித்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்தான். மனைவி சுபோதினி குசினியிலிருந்து வருவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். தொடர்மாடி நிர்வாகத்தார் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள், உடலை வீட்டில் வைக்க முடியாது, பெட்டி லிப்டுக்குள் போகாது என்று. முதலில் ஓடி வந்தவர் கனகசபாபதி. என்ன செய்வது, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் சேட்டுப் பையில் கையை விட்டார். கையில் வந்தது அந்தப் புரூவ். வலப்பக்கம், கீழ் மூலை.

அந்த விளம்பரம் வேலை செய்தது அந்த ஒரு தடவைதான்.

பிறிஜெற் வந்தாள். ஆட்களை வைத்துக் கதிரையில் இருத்திப் படிக்கட்டு வழியாக, ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் நின்று, பொன்னம்பலத்தை இறக்கினாள். அந்நேரம் மேலே ஏறிவந்த ஒரு பிள்ளை "தாத்தாவுக்கு என்ன?" என்று கேட்க, "களைச்சிட்டார்" என்றாள். கொட்டாஞ்சேனை மண்டபத்தில் வைத்தாள். கட்டுப்பல்லை வாயில் சரியாகப் பொருத்தினாள். வாதத்தால் வீங்கியிருந்த காலுக்கு ஒரு சோடி பட்டுச் சாக்ஸ் வாங்கிவந்து போட்டாள். திருநீறு எப்படிப் பூச வேண்டும் என்று ஐயரிடம் இரண்டு தரம் கேட்டு, மூன்றாம் தரம் தானே பூசினாள். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேரும்வரை அவர் அங்கேதான் கிடந்தார், உயிரோடிருந்த காலத்தில் இல்லாத சாந்தத்தோடு.

வெள்ளவத்தை முழுக்க கொட்டாஞ்சேனைக்கு வந்தது. வந்தவர்கள் ஒழுங்கையைப் பார்த்து முதலில் மூக்கைச் சுளித்தார்கள், உள்ளே போய்ப் பொன்னம்பலத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். "நித்திரை கொள்றமாதிரி இருக்கிறார்" என்று ஆளுக்காள் சொன்னார்கள். பிறிஜெற் கதவோரம் நின்றாள். இது போதும், இனிச் சனம் மறக்காது என்று அவள் நினைத்தாள். கட்டடச் சொந்தக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனத்தை மயானத்தில் எரித்துவிட்டு வந்த மறுநாள் கனகசபாபதி அச்சகத்துக்குப் போனார். தலைவர் இறந்துபோனால் மலரில் ஒரு முழுப்பக்க அஞ்சலி வேண்டும். படத்தோடு, கறுப்புக் கரையோடு. அதில் இரண்டு பேச்சில்லை.

"பக்கம் இல்லையே சேர்," என்றார் நிஸாம்.

பக்கம் என்பது நினைத்த நேரம் ஒட்டுகிற சாமானில்லை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்கள் அடித்து மடிக்கிற புத்தகம் அது. ஒன்று கூட்டினால் குறைந்தது நாலு கூடும். தாள் விலை ஏறிய பிறகு மன்றத்துக்கு அது தாங்காது. ஒன்றைப் போடுவதென்றால் ஒன்று போக வேண்டும். நாளைக்கு அச்சுக்கு பிளேட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விழாவுக்குப் புத்தகம் வராது.

வாழ்த்துச் செய்திகளில் கைவைக்க முடியாது, பெரிய மனிதர்கள். முழுப்பக்க விளம்பரக்காரர்கள் கோவித்துக்கொள்வார்கள். பெறுபேறுகளில் கைவைத்தால் தாய்மார் அச்சகத்தையே கொளுத்துவார்கள். எஞ்சியது எட்டுச் சின்னக் கட்டங்கள் உள்ள பக்கம்.

"ஒண்டையும் விடாமல் வேற பக்கங்களின்ர அடியில போட ஏலாதோ?" என்று கேட்டார் கனகசபாபதி.

நிஸாம் முயன்று பார்த்தார். கட்டங்களைப் பட்டையாக நீட்டினார். மணப்பெண் அலங்காரம் கவிதைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. பாமசி செயலாளர் அறிக்கைக்குக் கீழே. கண் டொக்டர் பெறுபேறுகளுக்குக் கீழே. இரும்புக்கடை வரவுசெலவுக்குக் கீழே. ஒவ்வொன்றாக ஏழு கட்டங்களும் குடியேறிவிட்டன.

"பிறிஜெற் அக்காட மட்டும் ஈக்கிது," என்றார் நிஸாம். அதைப் பிள்ளைகளுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். எடுத்தார். பொன்விழாத் தம்பதிகளுக்குக் கீழே வைத்தார். அதையும் எடுத்தார். கட்டம் திரை முழுக்க அலைந்தது. "அஞ்சலிப் பக்கத்துக்குக் கீழ போட்டா ஒருத்தரும் பிழை சொல்ல மாட்டாங்க சேர். அவங்கதானே எல்லாம் செஞ்சது."

கனகசபாபதி சுபோதினிக்குத் தொலைபேசி எடுத்தார். விசயத்தைச் சொன்னார்.

"அவ நல்லாத்தான் செய்தவ அண்ணை," என்றார் சுபோதினி. "நான் அதை மறக்கமாட்டன். ஆனா இவற்ற படத்துக்குக் கீழ கடை விளம்பரமோ? பாக்கிறவை என்ன நினைப்பினம்? இவரைக் காட்டி யாவாரம் எண்டெல்லோ நினைப்பினம்."

அதுவும் பிழையில்லை என்று கனகசபாபதிக்குப் பட்டது. அவருக்கு எல்லோருடைய பக்கமும் சரியாகவே படும். அவருடைய வியாதி அது.

"உறுப்பினர் இலக்கப் பக்கத்தில ஒரு சின்ன இடம் ஈக்கிது," என்றார் நிஸாம். "முதல் பக்கத்துக்கு மேல. ஆனா அதில பேரப் போட்டா..."

உறுப்பினர்கள் என்ற தலைப்புக்கு மேலே மலர்ச்சாலை. இருவரும் திரையைப் பார்த்தார்கள். அங்கத்தவர் ஒவ்வொருவரும் அடுத்தது நானா என்று வாசிப்பார்கள்.

"போன வருசம் மாதிரியே போடும்," என்றார் கனகசபாபதி.

"விளக்கோடயா?"

"ஓம். விளக்கோட."

"அவங்க கையெழுத்து வச்சிட்டுப் போனது சேர்."

"நான் நேரில சொல்லுறன்."

நிஸாம் பழைய கோப்பைத் திறந்தார். எல்லாம் அதில் தயாராகவே இருந்தது. கனகசபாபதி அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனை ஒழுங்கை வரைக்கும் போனார். பிறிஜெற் மண்டபத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சேர், புத்தகம் எப்ப வருது?" என்று கேட்டாள். "வந்திடும்" என்றார் அவர். தேத்தண்ணீர் குடித்தார். பொன்னம்பலத்தின் கால் வீக்கத்தைப் பற்றிக் கதைத்தார். சொல்லவில்லை.

விழா வெள்ளவத்தை மண்டபமொன்றில். விளம்பரம் கொடுத்தவர்களுக்கு இலவசப் பிரதி ஒன்று உண்டு. பிறிஜெற் நீலச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் பிரதியை வாங்கி, பின்வரிசையில் இருந்து, பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். அவளுடைய பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பொன்னம்பலம் இருந்தார், கறுப்புக் கரைக்குள், சிரித்துக்கொண்டு. அவள் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கட்டுப்பல் போடுவதற்கு முந்திய படம். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியாகத் தேடினாள். இரும்புக்கடை இருந்தது. பாமசி இருந்தது. உறுப்பினர் இலக்கங்கள் தொடங்கும் பக்கத்தில், மேலே, குத்துவிளக்கு எரிந்தது.

மேடையில் வரவேற்புரை நடந்தது. அவள் எழுந்து கனகசபாபதி நின்ற இடத்துக்குப் போனாள்.

"சேர், நான் எங்க?"

"பிறிஜெற், பக்கம் போதாமல் போச்சு. தலைவற்ற அஞ்சலி... காசைத் திருப்பித் தாறம்."

"காசு நான் கேக்கலயே."

"அடுத்த வருசம் கட்டாயம் போடுவம்."

அவள் தலையாட்டினாள். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம், மண்டபம் முழுக்க அவள் உடுத்தி அனுப்பிய பெரியவர்களின் பிள்ளைகள்தான் இருந்தார்கள், ஒருவராவது வாய் திறந்திருப்பார்கள். அல்லது திறந்திருக்க மாட்டார்கள். பிரதியை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் நடனம் முடியும்வரை இருந்துவிட்டு பஸ் எடுத்தாள்.

அதன்பிறகு மன்றத்துக் குடும்பங்களில் சாவு நடக்காமல் இல்லை. நடந்த வீடுகளில் மலரை எடுத்தார்கள், கடைசிப் பக்கங்களைத் திறந்தார்கள், சொந்தங்களுக்குச் சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலத்துக்கு நல்லாச் செய்தது யார் என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அந்த நேரத்தில் யார் கையிலும் இலக்கம் இல்லை. அதற்குள் வெள்ளைச் சேட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். வருசம் முடிய அருளப்பு மலர்ச்சாலையின் பலகை இறங்கியது. இன்று அந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். பெட்டிகளைப் பெரிய மலர்ச்சாலைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்த மலரில் பின்னட்டையின் உட்பக்கம் முழுக்க அந்தப் பெரிய மலர்ச்சாலையின் வாழ்த்து. வர்ணத்தில், தாமரைப் பூவோடு, இருபத்துநான்கு மணிநேர சேவை என்று கொட்டை எழுத்தில். மங்களத்தைப் பற்றி அந்த முறை யாரும் கேட்கவில்லை. முழுப்பக்கத்தை யாரும் எதற்குப் பக்கத்தில் போடுவது என்று கேட்பதில்லை. கனகசபாபதி கையெழுத்து வைத்தார்.

அவருடைய மனைவி சரோஜினிதேவி அந்த வருசமே காலமானார். கனகசபாபதி பின்னட்டையைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்து அழைத்தார். மறுநாள் காலை, சேலையும் குங்குமச் சிமிழும் கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனவர், வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு கதவு திறந்ததில் அவளைக் கண்டார். கையுறையோடு, அவர்களுடைய சாம்பல் நிற மேலங்கியில். நெஞ்சுப்பக்கம் நிறுவனத்தின் பெயர் தைத்திருந்தது.

"பிறிஜெற்."

"சேர். அம்மாட விசயம் கேள்விப்பட்டேன்."

"நீர்தானே செய்வீர்? எனக்கு வேற ஆரும் வேண்டாம். நீர்தான் செய்யவேணும் எண்டு நான் அவையளிட்டச் சொல்லுறன்."

அவள் சேலையை அவருடைய கையிலிருந்து வாங்கி, விரித்துப் பார்த்து, மடித்தாள்.

"சொல்ல வேணாம் சேர்," என்றாள். "யார் செய்யிறதுன்னு இங்க வெளிய சொல்றதில்ல. கதைக்கிறதெல்லாம் முன்னுக்கு இருக்கிறவங்களோட. அங்க போய் இருங்க, கூப்பிடுவாங்க."

கதவு தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு. அவர் முன்மண்டபத்துக்குப் போய், குளிரில், சொன்ன இடத்தில் இருந்தார்.